ஆட்டெரு, மீன் கரைசல்: திருகோணமலை வீட்டுத் தோட்டக்காரர் எங்களிட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

அக்கா, உங்கட மீன் கரைசல் மட்டும் கிழமைக்கு ஒருக்கா ஊத்தினா கத்தரிக்குப் போதும்தானே?

போதாது. நான் தான் அதை விக்கிறன், ஆனாலும் போதாது எண்டுதான் சொல்லுவன்.

கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ மீன் தலை, குடல், செவுள் எல்லாம் சேத்தா அதில ஏறக்குறைய 150 கிராம் புரதம் இருக்கும், புரதத்தில நூத்துக்கு 16 பங்குதான் நைதரசன், அப்ப 24 கிராம். அதோட ஒரு கிலோ சர்க்கரை போட்டுப் புளிக்க வைக்கிறம், சர்க்கரையில நைதரசன் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, அப்ப ரெண்டு கிலோ கலவைக்குள்ள அதே 24 கிராம்தான். முள்ளையும் சக்கையையும் வடிச்சு எடுத்த பிறகு 100 மில்லிக்கு ஒரு கிராம் நைதரசன் இருந்தா அது நல்ல கரைசல். இதை ஒரு லீற்றர் தண்ணிக்கு 10 மில்லி எண்டு கலந்து கண்டுக்குக் கால் லீற்றர் ஊத்தினா, அந்தக் கண்டுக்குப் போய்ச் சேர்றது 0.025 கிராம். கிழமைக்கு ஒருக்கா 12 கிழமை ஊத்தினாலும் 0.3 கிராம். ஒரு கத்தரிக் கண்டு நட்டு காய் பறிச்சு முடியிற வரைக்கும் ஏறக்குறைய 5 கிராம் நைதரசன் கேக்கும். எங்க 0.3, எங்க 5.

பாலையூத்துப் பக்கம் ஒரு ரீச்சர் 12 கத்தரி நட்டு இப்பிடித்தான் கரைசல் மட்டும் ஊத்திக்கொண்டு இருந்தவ. மண் நல்ல மணல், கீழ எரு ஒண்டும் போடேல்ல. மூண்டாம் கிழமை வரைக்கும் நல்லா இருந்துதாம், பிறகு அடி இலை முதல்ல மஞ்சளாகி ஒவ்வொண்டா விழத் தொடங்கிட்டு, நுனி இலை மட்டும் வெளிர் பச்சையா நிண்டுது. அவ வருத்தம் எண்டு நினைச்சு பூச்சி மருந்து கேட்டுத்தான் எனக்கு போன் எடுத்தவ. அடி இலை முதல்ல மஞ்சளாகுதெண்டா பெரும்பாலும் நைதரசன் பசி, ஏனெண்டா செடி பழைய இலையில இருக்கிறதைப் புடுங்கித்தான் புது இலைக்குக் குடுக்கும். கண்டுக்கு அரைக் கிலோ உக்கின ஆட்டெருவை தண்டில இருந்து ஒரு சாண் தள்ளி வட்டமா வெட்டிப் போட்டு மண்ணால மூடச் சொன்னன், கரைசலையும் நிப்பாட்டாம ஊத்தச் சொன்னன். விழுந்த இலை திரும்பி வரேல்ல, ஆனா மூண்டு கிழமைக்குள்ள வந்த புது இலை எல்லாம் கரும்பச்சை.

அப்ப இதை எப்பிடிப் பாக்கோணும் எண்டா, எரு சோறு, கரைசல் கறி. கறியை மட்டும் குடிச்சு வயிறு நிரம்பாது. சிலர் "அப்ப கரைசலைக் கூட்டி ஊத்தினா என்ன" எண்டு கேக்கிறாங்க. 5 கிராம் நைதரசன் குடுக்க ஒரு கண்டுக்கு அரை லீற்றர் கெட்டிக் கரைசல் வேணும், அதில பாதி சர்க்கரை, புளிப்பு வேற. அவ்வளவையும் வேரில ஊத்தினா வேர் கருகும், பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு கூடு கட்டும்.

ஆட்டெருவில என்னென்ன சத்து எவ்வளவு இருக்கு?

புத்தகக் கணக்குப்படி 100 கிலோ நல்லாக் காஞ்ச ஆட்டுப் புழுக்கையில நைதரசன் 3 கிலோ வரைக்கும், பொஸ்பரஸ் ஒரு கிலோ, பொட்டாசியம் 2 கிலோ எண்டு போட்டிருக்கும். நான் விக்கிற எருவுக்கு அந்தக் கணக்கைச் சொல்ல மாட்டன். கொட்டில்ல கூட்டி எடுக்கேக்க மணலும் சருகும் சேரும், உக்கும்போது கொஞ்ச நைதரசன் காத்தோட போயிடும், கொஞ்ச ஈரமும் இருக்கும். அதால 100 கிலோவுக்கு ஒண்டரைக் கிலோ நைதரசன் எண்டு வச்சுத்தான் நான் அளவு சொல்றன். அதாவது ஒரு கிலோவில 15 கிராம்.

அந்த 15 கிராமும் உடனே செடிக்குக் கிடைக்காது, இதைத்தான் கனபேர் விளங்கிக் கொள்றதில்ல. எருவில இருக்கிற நைதரசனை மண்ணில இருக்கிற நுண்ணுயிர் உடைச்சுக் குடுத்தாத்தான் வேர் எடுக்கும், முதல் போகத்தில மூண்டில ஒரு பங்குதான் வெளிய வரும் எண்டு வச்சுக்கொள்ளுங்க, மிச்சம் அடுத்தடுத்த போகத்துக்கு. இதே கணக்கில மாட்டெரு எண்டா சத்து இன்னும் குறைவு, 100 கிலோ உக்கின மாட்டெருவில அரைக் கிலோ நைதரசன்தான் வரும், அதால ஆட்டெரு ஒரு கிலோ போடுற இடத்தில மாட்டெரு மூண்டு கிலோ வேணும். கோழி எரு மற்றப் பக்கம், 100 கிலோவுக்கு 3 கிலோ நைதரசன், அதுவும் கெதியா வெளிய வரும், 300 கிராமே காணும், ஆனா பச்சையாப் போட்டா கண்டைச் சுட்டுப் போடும்.

மணல் எவ்வளவு கலந்திருக்கு எண்டு நீங்களே பாக்கலாம். ஒரு கண்ணாடிக் கிளாசில முக்கால்வாசி தண்ணி எடுத்து ஒரு பிடி எருவை நசிச்சுப் போட்டு நல்லாக் கலக்கி வையுங்க. மணல் உடனே அடியில வெள்ளையா ஒரு படையாப் படியும், எரு கொஞ்சம் மிதக்கும் மிச்சம் மெல்ல மெல்ல மணலுக்கு மேல கறுப்பா வந்து இருக்கும். மணல் படை கால்வாசிக்கு மேல இருந்தா நீங்க மண்ணைக் காசு குடுத்து வாங்குறீங்க. 2021 இல இரசாயனப் பசளை இறக்குமதிய நிப்பாட்டின நேரம் எருவுக்கு வந்த கிராக்கியில நானே ஒரு லோட் வாங்கி ஏமாந்தன், கிளாசில போட்டுப் பாத்தா சரிபாதி கடற்கரை மணல். அதுக்குப் பிறகு இந்த ரெஸ்ற் பாக்காம ஒரு மூட்டையும் இறக்கிறதில்ல.

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஒரு கண்டுக்கு எவ்வளவு போடுறது?

நிலத்தில நடுறதெண்டா கத்தரிக்கும் தக்காளிக்கும் கண்டுக்கு ஒரு கிலோ, மிளகாய்க்கு அரைக் கிலோ தொடக்கம் முக்கால் கிலோ. மேல சொன்ன கணக்குத்தான், ஒரு கிலோவில 15 கிராம், மூண்டில ஒண்டு வெளிய வந்தா 5 கிராம்.

தராசு இல்லாதவங்க சிரட்டையால அளக்கலாம். எங்கட வீட்டுச் சிரட்டையில காஞ்ச எருவைக் குவிக்காம நிரப்பினா ஏறக்குறைய 100 கிராம் வரும், அப்ப கத்தரிக்குப் பத்துச் சிரட்டை. உங்கட சிரட்டை பெரிசாயிருக்கலாம், பக்கத்துக் கடையில ஒருக்கா நிறுத்துப் பாத்துட்டு அதையே வச்சுக்கொள்ளுங்க.

ஒரே தடவையில எல்லாத்தையும் போடாதீங்க. நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு எல்லாம் மணல் மண், தண்ணி நிக்காது, சத்தும் நிக்காது. ஐப்பசி கார்த்திகையில மழை ஊத்துற நேரம் வெளிய வந்த நைதரசன் எல்லாம் மழைத் தண்ணியோட கீழ இறங்கிப் போயிடும். நான் செய்யிறது, குழி ஒரு அடி வெட்டி அரைக் கிலோவை மேல் மண்ணோட கலந்து போட்டு ஒரு கிழமை தண்ணி விட்டு வச்சுட்டுத்தான் கண்டு நடுவன். மிச்ச அரைக் கிலோவில கால் கிலோ பூ வரத் தொடங்கேக்க, மற்றக் கால் கிலோ முதல் பறிப்பு முடிஞ்ச உடன. கடும் மழை அடிச்சு ஓஞ்ச பிறகு போடுங்க, மழைக்கு முதல் நாள் போடாதீங்க. கன்னியா, தம்பலகாமம் பக்கம் கொஞ்சம் இறுக்கமான மண் எண்டா ரெண்டு தடவையாப் போட்டாலும் காணும்.

மீன் கரைசல் இதுக்கு மேலதான். வேருக்கு ஊத்துறதுக்கு ஒரு லீற்றருக்கு 10 மில்லி, இலைக்கு அடிக்கிறதுக்கு 5 மில்லி, பத்து நாளைக்கு ஒருக்கா, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மத்தியானம் இலைக்கு அடிச்சா தண்ணி ஒரு நிமிசத்தில காஞ்சு கரைசல் மட்டும் இலையில ஒட்டிப் பொட்டுப் பொட்டாக் கருகும்.

பூச்சாடிக்கும் இதே அளவா? நான் மேல் மாடியில பத்துச் சாடி வச்சிருக்கன்.

இல்ல, சாடிக்கு எருவைக் கிலோவால அளக்காம மண்ணோட பங்கால அளவுங்க. நாலு பங்கு கலவையில ஒரு பங்குதான் ஆட்டெரு, ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு தும்புச் சோறு. 15 லீற்றர் பை எண்டா எரு மூண்டரை லீற்றருக்கு மேல போகக் கூடாது.

ஏன் எண்டா உப்பு. ஆட்டெருவிலயும் கோழி எருவிலயும் இயல்பாவே உப்பு இருக்கு, நிலத்தில மழை கழுவிக் கொண்டு போகும், சாடியில போக வழியில்ல. அதோட கடற்கரையோரம் இருக்கிறவங்களுக்கு ஆனி ஆடியில கிணத்துத் தண்ணியும் கரிக்கத் தொடங்கும், அந்தத் தண்ணியையும் ஊத்தினா ரெண்டும் சேந்து இலையின்ர நுனியும் ஓரமும் மண்ணிறமாக் காஞ்சு வரும், சாடி விளிம்பில வெள்ளைப் பொருக்கு நிக்கும். இதைப் பாத்தா பசளை காணாதெண்டு நினைச்சு இன்னும் போடாதீங்க. நல்ல தண்ணியை, பைப் தண்ணி எண்டாலும் சரி, சாடி அளவுக்கு ரெண்டு மடங்கு மெதுவா ஊத்தி அடியால ஓட விடுங்க, பிறகு ஒரு மாதத்துக்கு எருவே வேண்டாம்.

மீன் கரைசல் நாறாதா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாங்களே.

சரியாப் புளிச்ச கரைசல் நாறாது, மணக்கும். போத்தல் மூடியைத் திறந்தா முதல்ல வாறது பழங்கள்ளு மாதிரி ஒரு புளிப்பு, அதுக்குப் பின்னால பனங்கட்டி கரைச்ச மாதிரி ஒரு இனிப்பு, கடைசியாத்தான் கொஞ்சம் மீன் வெடுக்கு. நிறம் தேயிலைச் சாயம் மாதிரி கடுஞ் சிவப்பு கலந்த மண்ணிறம், விரலில தொட்டா பிசுபிசுக்கும். தண்ணியில கலந்து ஊத்தினா வெடுக்கு தெரியும், பின்னேரம் ஊத்தினா விடியப்பறம் இருக்காது. சாடிக்கு ஊத்திட்டு மேல ஒரு பிடி மண் தூவினா அன்றைக்கே போயிடும்.

கெட்டுப்போனது எண்டா நீங்க தேடிப் பாக்கத் தேவையில்ல. கூழ்முட்டை நாத்தம், இல்லாட்டி மூத்திர நெடி மாதிரி கண்ணைக் கரிக்கிற மணம், மேல சாம்பல் நிறத்தில நுரை. அப்பிடி ஒண்டை மூடின அறைக்குள்ள திறக்காதீங்க, கிட்டக் குனிஞ்சு மணந்தும் பாக்காதீங்க. கூழ்முட்டை நாத்தம் தாறது ஐதரசன் சல்பைட் எண்ட வாயு, அது நச்சு, கூடச் சுவாசிச்சா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாமப் போகும், தெரியேல்ல எண்டு ஆபத்துப் போயிட்டெண்டு அர்த்தமில்ல. வெளி முற்றத்தில காத்து உங்கட முதுகுப் பக்கமா வீசுற மாதிரி நிண்டு திறந்து, கிணத்துக்குத் தூரமா ஒண்டரை அடி குழியில ஊத்தி மண்ணால மூடிப் போடுங்க.

வாங்கிற எருவையும் மூக்காலதான் பாக்கோணும். உக்கின ஆட்டெரு முதல் மழைக்கு நனைஞ்ச மண் மாதிரி மணக்கும், புழுக்கையை விரலுக்குள்ள வச்சு நசிச்சா தூளாப் போகும். மூக்கைக் குத்துற நெடி வந்தா இன்னும் பச்சை. சந்தேகமா இருந்தா ஒரு பிடியைத் தண்ணி தெளிச்சுப் பொலித்தீன் பையில கட்டி மூண்டு நாள் நிழல்ல வச்சுத் திறந்து பாருங்க, அப்பவும் மண் மணம்தான் எண்டா பயப்பிடாமப் போடலாம்.

நானே வீட்டில செய்தன், ஒரு கிழமையில புழு வச்சு நாறிப் போயிட்டு. என்ன பிழை?

பத்தில ஒன்பது தரம் சர்க்கரை குறைவு. சர்க்கரை விலை ஏறினதோட கனபேர் ஒரு கிலோ மீனுக்குக் கால் கிலோ போட்டுப் பாக்கிறாங்க. சர்க்கரை அங்க இனிப்புக்கு இல்ல. கூடச் சர்க்கரை இருக்கேக்க அது மீனுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்கும், அழுகப் பண்ணுற கிருமிக்குத் தண்ணி கிடைக்காமப் போகும், அதே நேரம் புளிக்க வைக்கிற கிருமி அந்தச் சர்க்கரையைத் திண்டு அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்புத்தான் பிறகு காவல். சர்க்கரை காணாட்டி புளிப்பு வர முதல் அழுகல் முந்திடும்.

நான் செய்யிற முறையைச் சொல்றன். உள்துறைமுகப் பக்கம் மீன் வெட்டுறவங்களிட்ட காலம்பறக் கழிவை வாங்கிக்கொண்டு வந்து அண்டைக்கே போட்டுடுவன், பின்னேரம் வரைக்கும் வச்சிருந்தா இலையான் முட்டை இட்டிடும், பிறகு என்ன செய்தும் புழு வரும். ஒருக்கா நல்ல தண்ணியில அலசி, பன்னாட்டையில கால் மணித்தியாலம் வடிய விடுவன். தண்ணி சொட்டச் சொட்டப் போட்டா சர்க்கரை ஐதாகிப் போகும். தலையை நாலாக் கொத்தி, மூண்டு கிலோ கழிவுக்கு மூண்டு கிலோ சர்க்கரை, இல்லாட்டி சிவப்புச் சீனி, நிறுத்துத்தான் போடுவன், கண் அளவு வேண்டாம். பத்து லீற்றர் பிளாஸ்ரிக் வாளியில ஒரு படை மீன் ஒரு படை சர்க்கரை எண்டு அடுக்கி, கடைசிப் படை சர்க்கரையால ஒரு விரல் மொத்தத்துக்கு மூடிட்டு, வாயை ரெண்டு மடிப்புப் பருத்தித் துணியால இறுக்கிக் கட்டி, மூடியை இறுக்காம மேல வைப்பன். இரும்பு வாளி, அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அரிச்சுப் போடும்.

மூண்டாம் நாள் பாத்தா மீன் தண்ணி விட்டு எல்லாம் அமிழ்ந்திருக்கும். மேல மிதக்கிற தலை ஏதும் இருந்தா மரக்கரண்டியால அமத்தி விடுங்க, வெளிய தெரியிற துண்டுதான் முதல்ல அழுகும். எங்கட வெக்கைக்கு மூண்டு கிழமை காணும். சதை எல்லாம் கரைஞ்சு முள் வெறுமனே நிக்கேக்க வடிக்கலாம். அந்த முள்ளில பொஸ்பரஸ் இருக்கு, எறியாதீங்க, தென்னை அடியில ரெண்டடி ஆழம் தாட்டு மேல கல் வையுங்க, இல்லாட்டி நாய் கிண்டி எடுத்துடும்.

நாலாம் அஞ்சாம் நாள் மணம் ஒரு மாதிரி மாறுது எண்டு பிடிச்சிட்டீங்க எண்டா இன்னும் காப்பாத்தலாம், எடைக்கு மூண்டில ஒரு பங்கு சர்க்கரை கூடப் போட்டுக் கலக்கி மூடுங்க. கூழ்முட்டை நாத்தம் வந்த பிறகு சர்க்கரை போடுறது காசை வீணாக்கிற வேலை.

போத்தல் வீங்கி நிக்குது, வெடிக்குமா?

வெடிக்கும். இப்ப போய் மூடியைக் கால் திருகு மெதுவாத் திருப்பி, முகத்தைத் தள்ளி வச்சுக்கொண்டு, காத்தை விடுங்க.

வடிச்ச பிறகும் கரைசல் உயிரோடதான் இருக்கு, சர்க்கரை மிச்சம் இருக்கிற வரைக்கும் புளிச்சுக் கொண்டே இருக்கும், காபனீரொட்சைட்டு வந்து கொண்டே இருக்கும். ஒரு வைகாசி மாதம் நான் அஞ்சு லீற்றர் கான் ஒண்டை இறுக்கி மூடி தகரக் கொட்டிலுக்குள்ள வச்சிட்டு முல்லைத்தீவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிட்டன், நாலு நாள். வந்து பாத்தா கானின்ர அடி பிளந்து கொட்டில் முழுக்க, பக்கத்தில இருந்த விதைப் பெட்டி முழுக்க கரைசல். தகரத்துக்குக் கீழ மத்தியானச் சூடு கையால தொட ஏலாத சூடு, அந்தச் சூட்டில வாயு கூட வரும், கூட விரியவும் செய்யும்.

அதால கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், வெடிச்சா சில்லு பறக்கும். பிளாஸ்ரிக் போத்தல்ல முக்கால்வாசி மட்டும் நிரப்புங்க, மூடியை இறுக்கி மூடிட்டு அரைத் திருகு பின்னால விடுங்க, வெயில் படாத, ஓலைக் கூரையோ மரநிழலோ உள்ள இடத்தில நிமித்தி வையுங்க. முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கா பாருங்க, பிறகு அடங்கிடும். இப்பிடி வச்சா ஆறு மாதம் பிரச்சினை இல்ல.

ஒண்டைக் கெஞ்சிக் கேக்கிறன், குளிர்பானப் போத்தல்ல ஊத்தி வைக்கிறதெண்டா பழைய லேபிளைக் கிழிச்சு எறிஞ்சிட்டு மாக்கரால "பசளை, குடிக்க வேண்டாம்" எண்டு ரெண்டு பக்கமும் எழுதுங்க. நிறமும் இனிப்பு மணமும் சின்னப் பிள்ளைக்குச் சோடா மாதிரித்தான் தெரியும். குசினியில, பிரிட்ஜில வைக்கக் கூடாது.

கருவாட்டுக் கழிவு சும்மா கிடைக்குது, அதைப் பாவிக்கலாமா?

வேண்டாம். அதில இருக்கிற உப்பு அலசினாலும் போகாது, கரைசலுக்குள்ள வந்து மண்ணுக்குள்ள போய் நிக்கும். தென்னை ஓரளவு தாங்கும், மிளகாயும் பயிற்றையும் தாங்காது.

எரு மூட்டையை எங்க வைக்கிறது?

மழை படாம, வெயில் படாம, நிலத்தில முட்டாம. ரெண்டு கல்லுக்கு மேல பலகை போட்டு அதுக்கு மேல சாக்கை வையுங்க, மேல ஓலையோ படங்கோ போட்டு மூடுங்க, ஆனா பக்கம் காத்துப் போக விடுங்க. பொலித்தீன் பையில கட்டி வச்சா உள்ளுக்க வேர்த்து புளிச்சுப் போகும். மழையில நனைஞ்ச எருவில இருந்து கறுப்புச் சாயம் மாதிரி ஓடுது பாருங்க, அதுதான் நீங்க காசு குடுத்த நைதரசனும் பொட்டாசியமும்.

மணல் மண்ணில எருக்குவியல் கிணத்தில இருந்து ஆகக்குறைஞ்சது 50 அடி தள்ளி இருக்கோணும். யாழ்ப்பாணத்தில கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூடினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, எங்கட கடற்கரை மணலும் தண்ணியைத் தடுத்து வைக்காது.

பூச்சி வராதெண்டு சொல்லி எருவுக்குள்ள அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ கலந்து வைக்கிற பழக்கம் கனவீட்டில இருக்கு. இதை விட்டுடுங்க. ரெண்டும் காரம், எருவில இருக்கிற நைதரசன் அமோனியாவாகி காத்தில போயிடும், கலந்த உடன மூக்கில அடிக்கிற அந்த நெடி வேற ஒண்டும் இல்ல, உங்கட பசளை பறந்து போற மணம். சாம்பல் நல்ல பொட்டாசியம்தான், வேறயா வச்சு வேற நாள் மண்ணுக்குத் தூவுங்க.

தென்னை நிக்கிற வளவில குவியலை மாதத்துக்கு ஒருக்கா மண்வெட்டியால பிரட்டுங்க. காண்டாமிருக வண்டு எருக்குவியலுக்குள்ளதான் முட்டை இடும். கட்டை விரல் மொத்தத்தில, தலை மண்ணிறமா, சி வடிவத்தில சுருண்டு கிடக்கிற வெள்ளைப் புழுவைக் கண்டா பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்க, விட்டா அது வண்டாகி உங்கட தென்னைக் குருத்தைத்தான் துளைக்கும்.

வல்லாரைக்குப் போடலாமா? நாங்க பச்சையாச் சம்பல் போடுறனாங்க.

பாத்தி கட்டேக்க நல்லா உக்கின எருவை மண்ணோட கலந்து போடுங்க, சதுர மீற்றருக்கு ரெண்டு கிலோ. அதுக்குப் பிறகு மேலால எரு தூவுறதும் மீன் கரைசலை இலைக்கு அடிக்கிறதும் வேண்டாம். வல்லாரை நிலத்தோட படர்றது, எருவில இருக்கிற கிருமி இலையிலயே ஒட்டும், நீங்க அவிக்கவும் போறதில்ல. பச்சை எரு போட்ட பாத்தி எண்டா நாலு மாதம் போகோணும் பறிக்க. பொன்னாங்காணி, முளைக்கீரை எண்டா சமைக்கிறதுதானே, அவ்வளவு பயம் இல்ல, பறிக்கிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் கரைசலை நிப்பாட்டினாக் காணும்.

வெறுங்கையால அள்ளலாமா?

கையில காயம், வெடிப்பு ஒண்டும் இல்லாட்டி அள்ளலாம், ஆனா கையுறை போடுறதுதான் நல்லம். எருவிலயும் மண்ணிலயும் ஏற்பு வருத்தத்தின்ர கிருமி இருக்கும், மீன் முள்ளும் குத்தும். ஏற்பு ஊசி போட்டுக் கனகாலம் எண்டா ஆசுப்பத்திரியில ஒருக்காக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்க. காஞ்ச எருவைக் கொட்டேக்க தூசி பறக்கும், தொய்வு உள்ளவங்க வாயையும் மூக்கையும் கட்டிக் கொண்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு அள்ளுங்க.

மீன் கரைசல் அடிச்சா மான் வராது எண்டு சொல்றாங்களே?

கோட்டைப் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி. வெடுக்கு இருக்கிற ஒண்டு ரெண்டு நாள் கிட்ட வராம நிண்டதை நானும் பாத்திருக்கன், மூண்டாம் நாள் வந்து பயிற்றைக் கொழுந்தை மொட்டையாக்கிட்டுப் போச்சு. மானுக்காக நாளுக்கு நாள் கரைசல் அடிச்சா இலைதான் கருகும். அஞ்சரை ஆறடி உயரத்துக்கு பழைய மீன் வலையைக் கட்டுங்க, கீழ்ப்பக்கம் நிலத்தோட முளை அடிச்சு இறுக்குங்க, தளர விட்டா கொம்பு சிக்கி அந்தச் சீவன் பாடுபடும்.